பேப்பரில் வரைந்த ஆப் ஸ்கிரீன், கூடவே "இத மாதிரி பண்ணு": எதையெல்லாம் கேட்டுவிட்டுத் தொடங்குவது?

வேளிமலை

வணக்கம். தக்கலையில் இருந்து தனியாக ஆப் வேலை செய்கிறேன், பெரும்பாலும் ஃப்ளட்டர். குலசேகரம் பக்கம் ரப்பர் சீட்டும், மரத்திலும் சிரட்டையிலும் தானாக உறைந்த ஒட்டுப்பாலும் வாங்குகிற கடைக்காரர் ஒருவர், பில் புக் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு ஸ்கிரீன் வரைந்து போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். கூட ஒரே வரி: "மக்கா, இத மாதிரி பண்ணிக் குடு."

படத்தைப் பொதுவில் போட முடியாது, அதனால் எழுதிச் சொல்கிறேன். மேலே கடைப் பெயர், வலது ஓரத்தில் தேதி. அடுத்து "பெயர்" என்று ஒரு கட்டம், அதன் ஓரத்தில் கீழ்நோக்கி ஒரு முக்கோணம். அதற்குக் கீழே இரண்டு வட்டம், "சீட்", "ஒட்டுப்பால்". பிறகு பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம், "எடை", "விலை". அடுத்து பெரிய கட்டம், "தொகை". அதன் கீழே அகலமாக, உள்ளே கோடு போட்டு நிரப்பிய கட்டம், "பதிவு". அதற்கும் கீழே மூன்று வரி:

சீட், 42.350, 186, 7877, ஓரத்தில் ஒரு டிக்
ஒட்டுப்பால், 18.300, 112, 2050, ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி
சீட், 65.800, விலையிலும் தொகையிலும் வெறும் கோடு, ஓரத்தில் பெருக்கல் குறி

மூன்று வரிக்கும் ஆளின் பெயர் இருக்கிறது. கடைசியில் மூன்று புள்ளி. இவ்வளவுதான் படம்.

வேலையைத் தொடங்கும் முன் அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதை நானே முடிவு செய்துகொள்ளலாம்? என் பட்டியலில் இப்போதே இருபது கேள்விக்கு மேல் இருக்கிறது. அத்தனையும் அனுப்பினால் அவர் படிக்கக்கூட மாட்டார்.

கோட்டாறு

ஒன்றும் கேட்காதீங்க. வரைந்தபடியே செய்து போனில் போட்டு கையில் கொடுங்க. கடைக்காரர்களுக்குக் கண்ணால் பார்க்காத விஷயத்தைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. கையில் வாங்கி ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்தால் தானாகவே "இது இப்படி வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். நான் செய்கிற ஓட்டல் பில்லிங் எல்லாம் அப்படித்தான் போகிறது.

கொல்லங்கோடு

முதலில் பாதித் தொகை முன்பணம் வாங்குங்க. எத்தனை தடவை மாற்றிக் கொடுப்பீர்கள், அதற்கு மேல் போனால் எவ்வளவு என்று எழுதி வாங்குங்க. படம் அனுப்பி "இத மாதிரி" என்று சொல்கிறவர்கள் பின்னாடி நாற்பது மாற்றம் கேட்பார்கள்.

வேளிமலை

கொல்லங்கோடு அண்ணே, பணம் பேசி முடித்தாகிவிட்டது. நான் கேட்பது படத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று.

கோட்டாறு, உங்கள் வழி எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த மூன்றாவது வரியில் இருக்கிற கோட்டை நான் எப்படி "வரைந்தபடியே" செய்வது? விலை இல்லாமல் பதிவு ஆகுமா, ஆகாதா? அதில் ஏதாவது ஒன்றை நான் எடுத்துக்கொண்டுதானே எழுத வேண்டும்?

திற்பரப்பு

கேள்வி அனுப்புவதற்கு முன் அந்தப் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க தம்பி. உங்கள் இருபதில் பாதிக்கு அவரே பதில் எழுதி வைத்திருக்கிறார்.

கால்குலேட்டர் எடுங்க. 42.350 × 186 போட்டால் 7877.10 வரும். அவர் 7877 எழுதியிருக்கிறார். அது மட்டும் இருந்தால் பைசாவை வெட்டுகிறாரா, பக்கத்து ரூபாய்க்குக் கொண்டுபோகிறாரா என்று தெரியாது. இரண்டாவது வரி 18.300 × 112, அதாவது 2049.60. அவர் எழுதியது 2050. ஆக, பக்கத்து ரூபாய்க்குக் கொண்டுபோகிறார். இதைக் கேட்க வேண்டாம். செய்து காட்டும்போது "ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாய், சரிதானே" என்று ஒரு வரி சொன்னால் போதும். எடையில் மூன்று தசமம் போட்டிருக்கிறார், எல்லாம் ஐம்பது கிராம் கணக்கில் முடிகிறது. அவர் தராசு அப்படிக் காட்டுகிறது என்று நினைக்கிறேன். ஒரு தடவை தராசைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

அடுத்து ஓரத்துக் குறி. மூன்று வரியிலும் பெருக்கல் குறியே இருந்திருந்தால் அது "வரியை அழி" பொத்தான் என்று எடுத்திருப்பேன். ஆனால் முதல் வரியில் டிக் இருக்கிறது. அதனால் இது பொத்தான் இல்லை, நிலை. பணம் கொடுத்தாச்சு, கொடுக்கவில்லை என்பதாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், இதைக் கட்டாயம் கேட்கணும். நீங்கள் அழிக்கிற பொத்தான் என்று நினைத்து எழுதி, அவர் பணம் கொடுத்ததைக் குறிக்க நினைத்துத் தொட்டால், ஒருவருடைய 65 கிலோ கணக்கு காணாமல் போகும்.

கோட்டாறு சொல்வதில் பாதி சரி. கட்டத்தின் அகலம், நிறம், எழுத்து அளவு, தேதி வலதுபக்கமா இடதுபக்கமா என்பதெல்லாம் செய்து காட்டி மாற்றிக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை. ஆனால் விலை இல்லாத பதிவு உண்டா, ஓரத்துக் குறி எதற்கு, விலை மாறினால் பழைய வரி மாறுமா என்பவை தரவு எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதைத் தொடுகின்றன. அவர் மூன்று வாரம் கணக்கு எழுதிய பிறகு இதை மாற்றினால், இருக்கிற கணக்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். அதனால்தான் இவற்றை முதலில் கேட்க வேண்டும்.

அருமனை ரப்பர்

நான் ஆப் செய்கிற ஆள் இல்லை, ரப்பர் வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நாங்கள் சீட்டைக் கடையில் கொண்டு இறக்கி எடை போட்டுவிட்டு, விலை முடிக்காமலேயே வீட்டுக்கு வருவது உண்டு. வீட்டில் வைத்தால் பூப்பிடிக்கும், மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். விலை கொஞ்சம் ஏறும் என்று தோன்றினால் சரக்கைக் கடையில் போட்டுவிட்டு, பிறகு ஒரு நாள் போய் அன்றைய விலைக்கு முடிப்போம். அவசரத்துக்குக் கொஞ்சம் பணம் முன்னாடியே வாங்குவதும் உண்டு.

அவர் கடையிலும் அப்படி இருந்தால் அந்த வரி அவசரத்தில் விட்டுப்போனது இல்லை. எடை இன்றைக்கு, விலை வேறொரு நாளைக்கு.

வேளிமலை

அண்ணாச்சி, இதை நான் யோசிக்கவே வாய்ப்பில்லை. விலைக் கட்டம் காலியாக இருந்தால் "பதிவு" பொத்தானை அமுக்க விடாமல் செய்வதுதான் எங்கள் வழக்கம். அப்படிச் செய்திருந்தால் இவர் கடையின் பாதி வேலை அந்தப் பொத்தானில் நின்றிருக்கும்.

அப்படியானால் தரவு இப்படி இருக்க வேண்டும்:

```dart
class Entry {
  int grams;             // 65.800 கிலோ = 65800
  int? ratePaise;        // விலை முடியவில்லை = null
  DateTime weighedOn;
  DateTime? rateFixedOn;

  Entry({
    required this.grams,
    this.ratePaise,
    required this.weighedOn,
    this.rateFixedOn,
  });
}
```

திற்பரப்பு

ஆமாம். விலை முடியாததற்கு 0 என்று போட்டுவிடாதீங்க. மொத்தம் கூட்டும்போது 0 ரூபாய் சரக்கு போலக் கலந்துவிடும், யாருக்கும் தெரியவும் தெரியாது. காலி என்றால் காலியாகவே இருக்கட்டும், திரையிலும் அவர் வரைந்த அதே கோடாக வரட்டும். கிராமிலும் பைசாவிலும் முழு எண்ணாக வைத்தது நல்லது, தசமத்தில் கணக்குப் போட்டால் சரியாக ஐம்பது பைசாவில் நிற்கிற தொகை ஒரு ரூபாய் இடிக்கலாம்.

இந்த ஒரு கோட்டால் படத்தில் இல்லாத இன்னொரு திரையும் வருகிறது, கவனித்தீர்களா? அந்த ஆள் திரும்பி வந்து "இன்றைக்கு முடிங்க" என்று சொல்லும்போது கடைக்காரர் எங்கே தொடுவார்? அந்த வரியைத் தொட்டால் விலை கேட்டு ஒரு சின்னப் பெட்டி வந்தால் போதுமா? அந்த வரி மூன்று வாரத்துக்கு முந்தியதாக இருந்தால் அதை எப்படித் தேடுவார்? கீழே போட்டிருக்கிற மூன்று புள்ளி "இன்னும் வரிகள் இருக்கு" என்றா, "எல்லாக் கணக்கையும் காட்டு" என்றா? பதிவுப் பட்டியல் இன்றைக்கு மட்டுமா, பழசும் சேர்த்தா என்பது இதோடு சேர்ந்த கேள்வி.

தோவாளைப் பூ

எங்கள் வீட்டுப் பூ வியாபாரத்துக்கு ஒரு ஆப் செய்து வாங்கினோம். அதில் பூ விலையை ஒரு இடத்தில் போட்டால் எல்லா இடத்திலும் வரும். வசதியாகத்தான் இருந்தது. பிச்சிப்பூ விலை காலையில் ஒன்று, கூட்டம் ஏறியதும் இன்னொன்று. ஒன்பது மணிக்கு விலையை மாற்றினால் ஆறு மணிக்கு வாங்கியவர் பில்லும் சேர்ந்து மாறிவிட்டது. ஓணம் நேரத்தில் இதனால் பெரிய சண்டை. செய்து கொடுத்தவரைக் கேட்டால் "நீங்கள் விலை மாறும் என்று சொல்லவில்லையே" என்கிறார். பூ விலை மாறும் என்று யாராவது தனியாகச் சொல்வார்களா? அப்புறம் தாமரை எண்ணிக்கையில் விற்போம், அதற்கும் கிலோ கேட்கும்.

உங்கள் ஆளிடம் விலை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்க.

வேளிமலை

இது என் பட்டியலில் இல்லை. விலைக் கட்டத்தை வெறும் தட்டச்சுக் கட்டம் என்றுதான் எடுத்திருந்தேன். ரப்பர் போர்டு தினமும் ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5 என்று சீட்டின் தரம் வாரியாக விலை போடுகிறது, அதை எடுத்து அந்தக் கட்டத்தில் தானாக நிரப்பலாமா என்றும் ஒரு யோசனை இருந்தது.

அருமனை ரப்பர்

அதைச் செய்யாதீங்க. போர்டு விலை பேப்பரில் வருகிற விலை. கடையில் சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, காய்ச்சல், புகை, அழுக்கு பார்த்துதான் சொல்வார்கள். ஒரே நாளில் எனக்கு ஒரு விலை, பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஒரு விலை. தானாக ஒரு விலை வந்து நின்றால், அதைப் பார்க்கிற விவசாயி "உங்கள் போனே இவ்வளவு காட்டுதே" என்பார்.

கோட்டாறு

எல்லாம் சரி, ஆனால் இப்படி ஒவ்வொரு கோட்டுக்கும் அர்த்தம் தேடினால் வேலை எப்போது தொடங்கும்? முக்கோணம் போட்ட கட்டம் என்றால் டிராப்டவுன். நிரப்பிய கட்டம் என்றால் பொத்தான். இது எல்லோருக்கும் தெரிந்தது.

திற்பரப்பு

நிரப்பிய கட்டம் பொத்தான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. முக்கோணத்தில் இருக்கிறது. கடைக்கு முந்நூறு பேர் வந்துபோகிறார்கள் என்று வையுங்க. டிராப்டவுனைத் திறந்து முந்நூறு பெயரை உருட்டித் தேட முடியாது. இரண்டு எழுத்து தட்டினால் பொருந்துகிற பெயர்கள் வர வேண்டும், பட்டியலில் இல்லாத புது ஆள் என்றால் அங்கேயே சேர்க்க முடிய வேண்டும். முக்கோணம் "இங்கே பெயர்கள் வரும்" என்று மட்டும்தான் சொல்கிறது. எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் எப்படி வரும் என்று முடிவு செய்யலாம். அதோடு ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். இப்போது நோட்டில் அவர்களை எப்படிப் பிரித்து எழுதுகிறார் என்று பாருங்க, ஊர்ப் பெயரா, வீட்டுப் பெயரா. அதையே ஆப்பிலும் வைத்தால் அவருக்குப் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை.

அமைப்பைப் பற்றி ஒரு விஷயம். இப்படிப் படத்தில் நம்ப வேண்டியது வரிசையை. எது முதலில், எது பக்கத்தில், எது தனியாகப் பெரிதாக இருக்கிறது என்பதில் அவர் யோசனை இருக்கிறது. பெயர், சரக்கு, எடை, விலை, தொகை என்ற வரிசை அவர் வாயால் சொல்லிக்கொண்டே கை செய்கிற வரிசை. அதை நம் அழகுக்காக மாற்றக் கூடாது. அளவை அப்படியே எடுக்கத் தேவையில்லை, தாள் போனைவிட அகலம்.

கீழ்ப் பட்டியலைப் பாருங்க. சாதாரண போன் 360 டிபி அகலம். இரண்டு ஓரமும் 16 விட்டால் 328. ஓரத்துக் குறியை விரலால் தொட வேண்டும் என்றால் 48 வேண்டும். மீதி 280இல் பெயர், சரக்கு, எடை, விலை, தொகை ஐந்தும் ஒரே வரியில் நிற்காது. தமிழ்ப் பெயர் ஊரோடு சேர்ந்தால் பாதித் திரைக்கு வரும். அதனால் ஒரு பதிவை இரண்டு வரியாக்க வேண்டிவரும்: மேலே பெயர், கீழே "சீட் 42.350 × 186", வலது பக்கம் தொகை பெரிதாக. இது அவர் வரைந்ததில் இருந்து மாறுகிறது என்பதால் ஒரு படமாகக் காட்டிச் சம்மதம் வாங்குங்க. அவர் போனில் எழுத்து அளவைப் பெரிதாக வைத்திருக்கிறாரா என்றும் பாருங்க. வயதானவர்கள் போனில் அது சாதாரணம், நம் போனில் சரியாக நின்றது அங்கே உடைந்து தொங்கும்.

கடைசியாகக் கீபோர்டு. எடைக் கட்டத்தைத் தொட்டதும் கீபோர்டு திரையின் கீழ்ப்பாதியை எடுத்துக்கொள்ளும். அவர் படத்தில் "பதிவு" நடுவில் இருக்கிறது, சின்ன போனில் அது கீபோர்டுக்குப் பின்னால் போய்விடும். தொகையும் பதிவும் கீபோர்டுக்கு மேலே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கீபோர்டை இறக்கிவிட்டு அமுக்க வேண்டும். இதை அவரிடம் கேட்காதீங்க, நீங்களே சரி செய்யுங்க. எண் கீபோர்டில் புள்ளி வருகிறதா என்று மட்டும் அவர் போனிலேயே பாருங்க:

```dart
keyboardType: TextInputType.numberWithOptions(decimal: true)
```

வேளிமலை

புரிகிறது அக்கா. அப்படியானால் அவரிடம் நான் கேட்க வேண்டியது ஐந்துக்குள் நிற்கும் போல. எப்படிக் கேட்பது? எழுதி அனுப்பினால் "எல்லாம் சரி" என்று ஒரே பதில் வரும்.

திற்பரப்பு

எழுதி அனுப்பாதீங்க. தக்கலையில் இருந்து குலசேகரம் என்ன தூரம், ஒரு காலை நேரம் கடைக்குப் போய்ப் பக்கத்தில் நில்லுங்க. "என்ன வேண்டும்" என்று கேட்க வேண்டாம். அவர் வரைந்த மூன்று வரியையும் வைத்து, நடந்ததைச் சொல்லச் சொல்லுங்க. "இந்த ஆள் வந்தார், எடை போட்டீங்க, அப்புறம்?" "இந்த டிக் எப்போ போட்டீங்க?" "இவர் மறுபடி எப்போ வருவார், வந்தால் என்ன சொல்வார்?" இப்படிக் கேட்டால் பதில் கதையாக வரும், அதில் உங்களுக்கு வேண்டியது இருக்கும். முடிந்தபின் நீங்கள் புரிந்துகொண்டதைக் குரல் பதிவாக அவருக்கே அனுப்புங்க. தப்பு இருந்தால் கேட்கும்போதே சொல்வார்.

வேளிமலை

போய்விட்டு வந்தேன். அருமனை அண்ணாச்சி சொன்னது அப்படியே சரி. அந்தக் கோடு விலை முடிக்காத சரக்கு. நான் நின்ற நேரத்திலேயே இருவர் வந்து எடை மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஓரத்துக் குறி பணம் கொடுத்தது, கொடுக்காதது. ஆனால் அதைத் தொட்டு மாற்ற வேண்டுமா என்று கேட்டதற்கு யோசித்து, "தொட்டா மாறப்படாது, கேட்டுட்டு மாறணும்" என்றார். ஒட்டுப்பால் பிடித்த கையோடு போனைத் தொடுகிறார், அந்தக் கையில் பட்டியலை உருட்டினாலே எதாவது ஒன்றில் பட்டுவிடும். அதனால் குறியைத் தொட்டால் பெயரும் தொகையும் காட்டி "பணம் கொடுத்தாச்சா?" என்று ஒரு கேள்வி வைக்கிறேன்.

விலை ஒவ்வொரு ஆளுக்கும் அவரே போடுவது. கடைசியாகப் போட்ட விலை மங்கலாகத் தெரிந்தால் போதும், கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்றார். பதிவான வரி எக்காரணத்தாலும் தானாக மாறக் கூடாது.

மூன்று புள்ளி நீங்கள் கேட்டதில் முதலாவதுதான், பொத்தான் இல்லை. அது "இப்படியே கீழே போகும்" என்று எழுதியதாம். பழைய கணக்குக்குத் தனி இடம் வேண்டும், ஆள் பெயரைத் தட்டினால் அவருடைய எல்லா வரியும் வர வேண்டும், அதில் விலை முடியாதவை மேலே நிற்க வேண்டும்.

இரண்டாவது வரியில் 18.300 எழுதிய இடத்தில் அடியில் 18.800 என்று அடித்திருந்தது போட்டோவில் லேசாகத் தெரிந்தது. கேட்டேன். சாக்கு எடை அரை கிலோ கழித்தது. சீட்டுக்குக் கிடையாது, ஒட்டுப்பாலுக்கு மட்டும். ஒட்டுப்பால் வட்டத்தைத் தொட்டால் மட்டும் "கழிவு" என்று ஒரு சின்னக் கட்டம் வரும்படி வைக்கிறேன்.

கோட்டாறு

அடித்து எழுதியதை நான் கை தவறு என்றுதான் எடுத்திருப்பேன். ஆனால் கழிவுக் கட்டம் அவர் வரைந்ததில் இல்லையே. அவர் வேண்டாம் என்றால்?

வேளிமலை

கேட்டுவிட்டேன். "கழிச்ச எடை தனியா தெரியணும், வந்தவன் கேப்பான்" என்றார். அதனால் இரண்டையும் சேமிக்கிறேன், மொத்த எடை, கழிவு.

அருமனை ரப்பர்

ஒன்று விட்டுப்போச்சு. 65.800 கிலோ போட்டவர் திரும்பி வந்து "இருபது கிலோவுக்கு மட்டும் இன்றைய விலை போடுங்க, மீதி கிடக்கட்டும்" என்பார். நானே செய்திருக்கிறேன். அப்போது அந்த வரி என்ன ஆகும்?

வேளிமலை

இதைக் கேட்கவில்லை அண்ணாச்சி. இப்போதைக்கு என் எண்ணம், முழு எடைக்கும் ஒரே விலை. 191 என்று முடித்தால் 12567.80, திரையில் 12568.

திற்பரப்பு

இப்போதே வரியை இரண்டாகப் பிரிக்க வழி வையுங்க. 20.000 ஒரு வரி, 45.800 ஒரு வரி, இரண்டும் ஒரே எடைப் பதிவைச் சேர்ந்தது என்று ஒரு எண். பின்னால் சேர்ப்பது கஷ்டம்.

கோட்டாறு

இதில் மட்டும் நான் மாறுபடுகிறேன் அக்கா. அவர் கடையில் அது மாதத்தில் ஒரு தடவை நடக்கிறதா, தினமும் நடக்கிறதா என்று தெரியாது. மாதத்தில் ஒரு தடவை என்றால், பழைய வரியை ரத்து செய்துவிட்டு இரண்டு புது வரி போடச் சொன்னால் போதும். நடக்காத ஒன்றுக்குத் திரை செய்தால் தினமும் பார்க்கிற திரை குழம்பும்.

திற்பரப்பு

ரத்து செய்தால் எடை போட்ட தேதி மாறிவிடும், அதுதான் என் கவலை. புது வரியில் பழைய தேதி போட விடுவீர்களா?

அருமனை ரப்பர்

தேதி மாறினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்தத் தேதியில் சரக்கு இறக்கினேன் என்பதுதான் எனக்கு ஆதாரம்.

வேளிமலை

சனிக்கிழமை மறுபடி கடைக்குப் போகிறேன். அவருடைய பழைய பில் புக்கில் ஒரே சரக்கை இரண்டு விலைக்கு முடித்த பக்கங்கள் எத்தனை என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன். அதுவரை பதிவுத் திரையும் ஆள் கணக்கும் மட்டும் எழுதத் தொடங்குகிறேன், விலை முடிக்கிற பெட்டியைத் தொடவில்லை.